நெய்யில் பொரியும் ரொட்டித் துண்டு

நேயர்களுக்கு வணக்கம். சேலத்துக் கல்யாண வீடுகளில் பிரியாணியோடு பரிமாறப்படும் பிரட் அல்வாவுக்கும், வடக்கே விருந்துகளில் பொரித்த ரொட்டியைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துப் பரிமாறும் ஷாஹி துக்டாவுக்கும் முதல் வேலை ஒன்றுதான்: ரொட்டித் துண்டுகளை நெய்யில் பொரித்தெடுப்பது. அல்வாவில் அந்தத் துண்டுகளை மசித்துவிடுவதால் பொரிப்பதில் நேரும் தவறு மறைந்துபோகும். துக்டாவிலோ ஒவ்வொரு துண்டும் முழுதாகத் தட்டுக்கு வருகிறது. ஆகவே பொரிக்கும் சூட்டையும், பொரித்தபின் நெய் வடிய வைக்கும் முறையையும் பற்றி மட்டும் இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

கடைசியில் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சூடான நெய்யில் ரொட்டி விழுந்ததும் அதிலுள்ள ஈரம் ஆவியாகி வெளியே சீறுகிறது. அந்தச் சீற்றம் இருக்கும்வரை நெய்யால் உள்ளே எளிதில் நுழைய முடியாது. துண்டை எடுத்து வெளியே வைத்தபின் ஆவி அடங்கி, உள்ளே இருக்கும் நுண்ணிய துளைகள் குளிரும்போதுதான், மேலே ஒட்டியிருக்கும் நெய்யை அவை உறிஞ்சத் தொடங்குகின்றன. ரொட்டி நெய்யைக் குடிப்பது வாணலியில் என்று நாம் நினைக்கிறோம்; பெரும்பகுதியை அது தட்டில் வைத்துத்தான் குடிக்கிறது. எடுத்த முதல் அரை நிமிடத்துக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான்.

நான்கு ரொட்டித் துண்டுகளை எடுத்துக்கொள்வோம். ஓரங்களை நீக்கி மூலைவாக்கில் வெட்டினால் எட்டு முக்கோணங்கள் கிடைக்கும். நம் ஊர் பேக்கரிகளில் ஸ்வீட் பிரட், சால்ட் பிரட் என்று இரண்டு வகை உண்டு. இதற்குச் சால்ட் பிரட்டையே வாங்குங்கள். சர்க்கரை கூடுதலாக உள்ள ரொட்டி, உள்ளே ஈரம் போவதற்கு முன்பே மேலே சிவந்துவிடும். நிறத்தைப் பார்த்து நாம் எடுத்துவிடுவோம், நடுப்பகுதி பஞ்சுபோலவே இருக்கும். அது பாகில் விழுந்ததும் கரைந்து கூழாகிவிடும்.

முந்தைய நாள் ரொட்டி நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. பொட்டலத்துக்குள்ளேயே ஒரு நாள் கிடந்த ரொட்டி சற்று விறைத்திருக்கும், ஆனால் அதன் ஈரம் எங்கும் போய்விடவில்லை. வெளியே எடுத்துப் பரப்பி உலர்த்த வேண்டும். சேலம் நகரத்து வெயில் காலத்தில் மின்விசிறிக்கு அடியில் இரண்டு மணி நேரம் வைத்தால் போதும். ஏற்காட்டில் மூடுபனி இறங்கும் மாதங்களில் அந்த வழி பலிக்காது. வெளியே வைத்த ரொட்டி காய்வதற்குப் பதிலாக இன்னும் நமத்துத் தோல்போல ஆகும். அங்கே தோசைக்கல்லை மிகச் சிறு தீயில் வைத்து, நெய் தடவாமல், பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் துண்டுகளைப் போட்டு எடுப்பதே சரி. நிறம் மாறக் கூடாது. விரலால் அழுத்தினால் மேற்பரப்பு குழியாமல் நிற்க வேண்டும்.

இனி நெய். அடி தட்டையான, ஏறக்குறைய இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள கனத்த சட்டியில் 200 மில்லி நெய் ஊற்றினால், ரொட்டியின் பாதிக் கனத்துக்கு அது நிற்கும். அதற்குமேல் தேவையில்லை, திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். சூடு 160 முதல் 170 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் வெட்டிய ஓரத்தில் ஒரு சிறு துண்டைப் போட்டுப் பாருங்கள். ஒரு கணம் சும்மா கிடந்து, பிறகு ஓரங்களில் நிதானமான குமிழிகள் எழுந்து, ஒரு நிமிடம் தாண்டிப் பொன்னிறமானால் சூடு சரி. போட்டதும் சடசடவென்று பொங்கி அரை நிமிடத்துக்குள் சிவந்தால் சூடு அதிகம். குமிழியே இல்லாமல் மிதந்தால் குறைவு. சூடு குறைந்தால் ஆவியின் தள்ளுதல் வலுவிழந்து, துண்டு வெகுநேரம் நெய்யில் ஊறிக் கனத்துப்போகும்.

நெய் அதிகச் சூட்டைத் தாங்கும் என்பது நன்கு தெளிந்த நெய்க்குத்தான் பொருந்தும். வீட்டில் வெண்ணெய் உருக்கி எடுத்த நெய்யின் அடியில் பால் கசடு கொஞ்சம் தங்கியிருக்கும். அது நெய் புகைவதற்கு வெகு முன்னரே கருகிக் கசப்பைக் கொடுத்துவிடும். ஆகவே மேலே தெளிந்திருப்பதை மட்டும் ஊற்றுங்கள். ஒரு ஈடுக்கு மூன்று நான்கு துண்டுகளுக்கு மேல் போட வேண்டாம். ஈடுகளுக்கு நடுவே சட்டியில் தங்கும் ரொட்டித் தூளை அரித்தெடுத்துவிடுங்கள். இரண்டாவது ஈட்டில் தென்படும் கறுப்புப் புள்ளிகள் முதல் ஈட்டின் தூள்தான்.

பதம் கண்ணுக்குத் தெரிவதைவிடக் காதுக்கு நன்றாகத் தெரியும். தொடக்கத்தில் பலமாகக் கேட்கும் சீற்றம் மெல்லத் தணிந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி விடும்போது உள்ளே ஈரம் குறைந்துவிட்டது என்று அறியலாம். அப்போது கரண்டியால் தட்டினால் டொக்கென்று ஓசை வரும். வேண்டிய நிறத்துக்கு ஒரு படி முன்னதாகவே எடுங்கள். வெளியே வந்தபிறகும் அதன் சூட்டில் துண்டு சற்றுச் சிவக்கும்.

எடுக்கும்போது இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து, சட்டிக்கு மேலேயே செங்குத்தாகப் பத்து விநாடி நிறுத்துங்கள். கீழ்முனையில் நெய் திரண்டு சொட்டும்; கடைசிச் சொட்டைச் சட்டி விளிம்பில் தொட்டு இறக்குங்கள். பிறகு கம்பித் தட்டில், ஒன்றன்மேல் ஒன்று படாமல், கூடுமானால் சாய்த்து நிறுத்துங்கள். காகிதத்தின்மேல் படுக்க வைத்தால் அடிப்பக்கம் ஆவியில் நமத்து, காகிதம் உறிஞ்சிய நெய்யின் மீதே கிடக்கும். செய்தித்தாள் கூடவே கூடாது. சூடான நெய் அதன் மையைக் கரைத்து இழுத்துக்கொள்ளும்.

இதில் மலைக்காற்றின் குறும்பு ஒன்று உண்டு. போன மார்கழியில் ஏற்காட்டில் உறவினர் வீட்டு விருந்துக்கு நான் பொரித்த துண்டுகளைக் கம்பித் தட்டோடு சன்னல் திட்டில் வைத்துவிட்டுப் பாகு காய்ச்சப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் எட்டுத் துண்டுகளிலும் வெள்ளைப் பூச்சுப்போல நெய் உறைந்திருந்தது. வடிய வேண்டிய நெய் வடியாமலேயே இறுகிவிட்டது. பாகில் போட்டபோது அந்தப் பூச்சு பாகை உள்ளே விடவில்லை. உருகிய நெய் வட்ட வட்டமாகப் பாகின்மேல் மிதந்தது, துண்டின் நடுப்பகுதியோ இனிப்பே ஏறாமல் மொறமொறவென்று இருந்தது. வெளியே இனிப்பு, உள்ளே ரஸ்க் என்று என் மைத்துனர் சொன்னது நியாயம்தான். மறுமுறை கம்பித் தட்டை, இளஞ்சூடாக இருந்த தோசைக்கல்லுக்கு மேலேயே வைத்து வடியவிட்டேன், பூச்சு படியவில்லை. பாகில் நெய்ப்பொட்டுகள் ஒன்றிரண்டுக்கு மேல் மிதந்தால் வடித்தது போதவில்லை என்று நீங்களும் கண்டுகொள்ளலாம்.

பிரட் பக்கோடா செய்பவர்களுக்கு ஒரு சொல். அங்கே நெய்யைத் தொடுவது ரொட்டியல்ல, கடலை மாவுக் கரைசல். அது சட்டென்று இறுகி மூடிக்கொள்ள 175 முதல் 180 டிகிரி வேண்டும். துக்டாவின் சூட்டில் போட்டால் மாவு கெட்டியாகுமுன் நெய்யை இழுத்துக்கொள்ளும். துண்டுகள் முழுகும் ஆழமும் தேவை. துக்டா பொரித்து மிஞ்சிய நெய்யில், அதே சூட்டில், பக்கோடாவையும் போட்டுவிடலாம் என்று சிக்கனம் பார்த்தால் இரண்டும் கெடும். அதற்குக் கடலை எண்ணெயே போதும். மிஞ்சிய நெய்யை மெல்லிய துணியில் வடிகட்டி வைத்து, மறுநாள் ரவையோ சேமியாவோ வறுக்க எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.