தாள்ல ஏறுவோம் சேர்வராயன் மலை

சத்தம் கேக்குதுங்களா? காத்து ஜாஸ்தியா இருக்கு. தாள் மேல செங்கல் வெச்சிருக்கேன், பறந்துட்டா வீடியோ அங்கயே முடிஞ்சுரும்.

வணக்கம். சேலத்துல எங்க வீட்டு மொட்டை மாடியில இருந்து பேசறேன். கேமராவைத் திருப்பறேன், பின்னாடி பாருங்க. நீலமா, சுவர் எழுப்புன மாதிரி நிக்குதே, அதான் சேர்வராயன் மலை. பொறந்ததுல இருந்து பாக்கறேன். ஆனா அது என்ன உருவம்னு புரிஞ்சது இந்தத் தாளைப் படிக்கக் கத்துக்கிட்டப்புறம்தான். கீழ இருந்து பாத்தா கூர்மையான மலை மாதிரி தெரியும். கூர்மை இல்லீங்க. மேசை மாதிரி. எப்படிக் கண்டுபிடிக்கறதுங்கறதுதான் இன்னைக்கு.

இது சர்வே ஆஃப் இந்தியாவோட டோப்போ ஷீட், அதாவது மேடு பள்ளம், ரோடு, ஓடை எல்லாம் காட்டற வரைபடம். ஒண்ணுக்கு ஐம்பதாயிரம் அளவு, அதாவது தாள்ல 2 சென்டிமீட்டர் தரையில 1 கிலோமீட்டர். அவங்க இணையதளத்துலயே இந்த அளவுல இலவசமா இறக்கிக்கலாம். நான் இறக்கி ஜெராக்ஸ் கடையில கலர்ல போட்டது. கலர் முக்கியம்ங்க, கருப்பு வெள்ளையில போட்டீங்கன்னா ஓடையும் உயரக்கோடும் ஒண்ணாத் தெரியும். இங்க ரெண்டு தாளை ஒட்டியிருக்கேன் பாருங்க. பழைய எண் வரிசையில சேலம் டவுன் 58 ஐ 2-ல வருது, ஏற்காடு 58 ஐ 1-ல. நடுவுல 11 டிகிரி 45 நிமிஷக் கோடு போகுது. அடிவாரம் ஒரு தாள், உச்சி இன்னொரு தாள். செலோ டேப் ஒட்டாம இந்த மலைய ஏற முடியாது.

இந்தக் காவி நிறக் கோடு எல்லாம் சம உயரக் கோடு. ஒரு கோட்டு மேலயே நடந்தீங்கன்னா ஏறவும் மாட்டீங்க, இறங்கவும் மாட்டீங்க. கடல் மட்டத்துல இருந்து ஒரே உயரத்துலயே சுத்திச் சுத்தி வருவீங்க. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 20 மீட்டர் வித்தியாசம். அஞ்சுக்கு ஒண்ணு தடிமனா இருக்கும், அது 100 மீட்டருக்கு ஒண்ணு. எண்ணு தேடறப்ப தடிமனான கோட்டைப் பிடிச்சுக்கங்க, மெல்லிசை எண்ணிக்கிட்டு இருந்தா கண்ணு கட்டிரும். ஆனா எந்தத் தாளா இருந்தாலும் கீழ ஓரத்துல இடைவெளி என்னன்னு போட்டிருப்பாங்க, அதை மொதல்ல படிங்க. பழைய அங்குலத் தாள்ல எல்லாம் அடிக்கணக்கு. அதுல 1000-ன்னு இருந்தா சுமார் 300 மீட்டர்தான்.

சரி, பாருங்க. சேலம் பக்கம் கோடே அதிகம் இல்ல. தாளு காலியா, மஞ்சளா, வயக்காடா கெடக்கு. ஊரு சராசரியா 280 மீட்டர் உயரத்துல இருக்கு, பெரிசா ஏத்த இறக்கம் கெடையாது. அப்படியே விரலை வடக்க நகத்துங்க. இதோ, திடீர்னு சீப்புப் பல்லு மாதிரி ஆயிருச்சு. நான் ஸ்கேல் வெச்ச இடத்துல 400 மீட்டர் தடிமன் கோட்டுல இருந்து 1000 மீட்டர் கோட்டுக்கு 3 சென்டிமீட்டர். நீங்க வேற இடத்துல வெச்சா வேற வரும், முறை ஒண்ணுதான். 3 சென்டிமீட்டர்னா தரையில ஒண்ணரை கிலோமீட்டர். அதுக்குள்ள 600 மீட்டர் ஏறணும். 600-ஐ 1500-ஆல வகுத்தா 0.4. நூறு மீட்டர் நகர்ந்தா நாப்பது மீட்டர் ஏத்தம், கோணமா சொன்னா கிட்டத்தட்ட 22 டிகிரி.

22 டிகிரிதானா, சுவர் மாதிரின்னு சொன்னியேன்னு கேக்காதீங்க. அந்தச் சரிவுல பத்து நிமிஷம் ஏறிப் பாத்துட்டு வந்து பேசுங்க.

இப்பத்தான் எனக்குப் பிடிச்ச இடம். அதே சரிவுல ரோடு போகுதுல்ல, ஏற்காடு ரோடு, 20 கொண்டை ஊசி வளைவு. ஏன் 20? தாள்லயே பதில் இருக்கு. நேரா ஏறினா ஒரு கோட்டுல இருந்து அடுத்த கோட்டுக்கு தரையில 50 மீட்டர், தாள்ல 1 மில்லிமீட்டர். பஸ்ஸால முடியாது. இருபதுக்கு ஒண்ணுங்கற அளவுல, அதாவது 20 மீட்டர் ஓடினா 1 மீட்டர் ஏத்தம்னு ரோடு போட்டா, அந்த 20 மீட்டர் ஏற 400 மீட்டர் ஓடணும், தாள்ல 8 மில்லிமீட்டர். அதனாலதான் பாருங்க, ரோடு ரொம்ப நேரம் கோட்டுக்குப் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டுப் போகுது, குறுக்க வெட்டவே கூச்சப்படுது. மலை மடிப்பு முடியற இடத்துல திரும்பி வருது. அந்தத் திரும்பற இடம்தான் வளைவு. அடிவாரத்துல இருந்து மேல 900 மீட்டர்னு வெச்சுக்கிட்டா அந்தக் கணக்குல 18 கிலோமீட்டர் ரோடு வேணும். கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஓட்டறோம்.

அடுத்தது நான் மாட்டிக்கிட்ட கதை. வளைவு வளைவா கோடு போகுதுல்ல, அதுல கூரா ‘வி’ மாதிரி மடிப்பு வரும். ஒண்ணு பள்ளம், இன்னொண்ணு மலை மூக்கு, அதாவது சரிவுல இருந்து வெளிய நீட்டிக்கிட்டு வர்ற மேடு. தாள்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். நாலு வருஷம் முன்னாடி, அனுமதி வாங்கிட்டு, நானும் மாமா பையனும் மேல இருந்து ஒத்தையடிப் பாதையில இறங்கினோம். ஒரு இடத்துல பாதை தேஞ்சு போச்சு. தாளைப் பாத்து, மூக்கு மேலயே இறங்கலாம், செடி கம்மியா இருக்கும்னு நாந்தான் சொன்னேன். அரை மணி நேரத்துல ரெண்டு பக்கமும் பாறை, நடுவுல ஓடை, முழங்கால் வரை சருகு, உண்ணிச்செடி முள்ளு. மேட்டுல இறங்கறதா நினைச்சு பள்ளத்துக்குள்ள இறங்கிட்டேன். சட்டையக் கிழிச்சுக்கிட்டு மறுபடி மேல ஏறினோம். மாமா பையன் இன்னைக்கும் கல்யாணம் காதுகுத்துன்னு எங்க பாத்தாலும் அதைச் சொல்லிக் காட்டுவான்.

எப்படிப் பிரிக்கறதுன்னா, கையைப் பாருங்க. சாப்பாட்டுத் தட்டுல உள்ளங்கை கீழ படற மாதிரி விரலை விரிச்சு வெச்சுட்டேன். இப்ப கொஞ்சூண்டு தண்ணி ஊத்தறேன். மணிக்கட்டுதான் மலை உச்சி, விரல் நுனி அடிவாரம். தண்ணி விளிம்பு போற பாதைய மட்டும் பாருங்க, அதுதான் சம உயரக் கோடு. விரல் வர்ற இடத்துல விளிம்பு வெளிய, நுனிப்பக்கம் தள்ளிக்கிட்டுப் போகுது. விரல் இடுக்குல உள்ள, மணிக்கட்டுப் பக்கம் நுழையுது. விரல்தான் மூக்கு, இடுக்குதான் பள்ளம். அப்ப, ‘வி’-யோட முனை எண்ணு கூடற பக்கம் பாத்தா பள்ளம், எண்ணு குறையற பக்கம் பாத்தா மூக்கு. நான் என்ன தப்புப் பண்ணேன்னா, எண்ணையே பாக்கலை, உருவத்தை மட்டும் பாத்தேன். ரெண்டு தடிமன் கோட்டுல எண்ணு தேடியிருந்தா போதும். முனை வழியா நீலக்கோடு ஓடுச்சுன்னா கேள்வியே இல்ல, பள்ளம்தான்.

வாங்க, மேல போயிரலாம். சீப்புப் பல்லு இங்க, ஏற்காட்டுக்குக் கிட்ட வந்ததும் நின்னுபோச்சு பாருங்க. கோடு அகலமாயி, நெளிஞ்சு, அங்கங்க தனி வட்டமாயிருச்சு. ஏரி, காப்பித் தோட்டம், சின்னச் சின்ன குன்று. இதைத்தான் மேசைன்னு சொன்னேன். சரிவு முடிஞ்சு பீடபூமி ஆரம்பிக்கற விளிம்பு அது, லேடீஸ் சீட்டுல நின்னு சேலத்தைப் பாக்கறோமே, அந்த இடமெல்லாம் அந்த விளிம்புலதான்.

ஆனா இங்கதான் கோடு நம்மளைக் கைவிடுது. செங்குத்தா இருக்கறப்ப 20 மீட்டர் இடைவெளி நெறைய சொல்லுச்சு. தட்டையான எடத்துல ரெண்டு கோட்டுக்கு நடுவுல அரை கிலோமீட்டர் இருந்தா, உள்ள 15 மீட்டர் மேடு ஒண்ணு இருந்தாக்கூடத் தெரியாது. ஒரு அஞ்சு மாடிக் கட்டடமே ஒளிஞ்சுக்கும். அதுக்குத்தான் இந்தக் கருப்புப் புள்ளி, பக்கத்துல எண்ணு. புள்ளி உயரம்னு சொல்வாங்க, ஸ்பாட் ஹைட். கோடுங்கறது, அளந்த புள்ளிகளை வெச்சும் வானத்துல இருந்து எடுத்த படத்தை வெச்சும் வரையறது. புள்ளிங்கறது அந்த ஒரே இடத்தோட உயரம். முக்கோணத்துக்குள்ள புள்ளி இருந்தா அது முக்கோண அளவை நிலையம், அதாவது சுத்தியிருக்கற இடங்களை அளக்க அடிப்படையா வெச்ச புள்ளி, இன்னும் நம்பலாம்.

சேர்வராயன் கோவில் மலைய எடுத்துக்கங்க. 5,326 அடின்னு சொல்லுவாங்க, மீட்டர்ல 1,623. கோட்டை மட்டும் வெச்சுப் பாத்தா என்ன தெரியும்? கடைசி வட்டம் 1620. அப்ப உச்சி 1620-க்கு மேல, 1640-க்குக் கீழ. அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல முடியாது. புள்ளி வந்து 1,623-ன்னு சொன்ன உடனே ஒரு விஷயம் புரியுது. கடைசி வட்டத்துக்கு மேல மூணே மீட்டர்தான். அந்த வட்டம் எவ்வளவு பெரிசோ அவ்வளவு பெரிய தட்டையான எடம் உச்சியில இருக்கு. போனவங்களுக்குத் தெரியும், அங்க மேல மைதானம் மாதிரிதான் இருக்கும், மே மாசத் திருவிழாவுக்கு ஊரே நிக்கும். உச்சி அஞ்சு மீட்டர் கம்மியா இருந்திருந்தா, 1620 வட்டமே தாள்ல இருக்காது. மலை அதேதான், படம் வேற மாதிரி ஆயிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஏரிக்கரை, பள்ளம் பக்கத்துல எண்ணோட சின்னதா ஆர்னு ஒரு எழுத்து இருக்கும். அது கடல் மட்டத்துல இருந்து இல்ல, பக்கத்துத் தரையில இருந்து எவ்வளவு மேலயோ கீழயோங்கறது. அதைப் போய் புள்ளி உயரம்னு படிச்சா, சேலத்துல 4 மீட்டர் உயரத்துல ஏரி இருக்குன்னு வரும். அப்புறம் மெட்ராஸ் பீச்சு இங்க வந்துரும்.

இன்னொண்ணு, தாளோட வயசு. கீழ எந்த வருஷம் அளந்ததுன்னு போட்டிருப்பாங்க. கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல், அதான் மேக்னசைட், வெட்டுற இடங்கள்ல தரையே மாறிக்கிட்டிருக்கு. தோண்டின குழியும் கொட்டின மண்மேடும் பழைய தாள்ல இருக்காது. கோடு அங்க ஒழுங்கா, அழகா போகும். நேர்ல போனா பெரிய பள்ளம். அதே மாதிரி கிளியூர் அருவி, 300 அடின்னு சொல்றாங்க. அதாவது 90 மீட்டர், நாலு அஞ்சு கோடு. தாள்ல அத்தனையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, தடியான ஒரே கோடு மாதிரி ஆயிரும். பூதக்கண்ணாடி வெச்சாலும் எண்ண முடியாது. அந்த மாதிரி இடத்துல முன்னாடி வர்ற தடிமன் கோட்டோட எண்ணையும் பின்னாடி வர்றதையும் கழிச்சுக்கங்க.

செங்கல் நகருது. அடுத்த வீடியோவுல இதே கோட்டுல இருந்து மலையோட பக்கவாட்டுப் படத்தை கிராஃப் பேப்பர்ல வரையறேன், பென்சில் எடுத்து வெச்சிருங்க. டேய், தாளைப் பிடி, தாளைப் பிடி…