தைப்பூசப் பேட்டிகளை இப்படித்தான் பெயர் வைத்து அடுக்குகிறேன்

வணக்கம் மக்களே, பினாங்கிலிருந்து பேசுகிறேன். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தண்ணீர்மலைப் பக்கம் பெரியவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்வேன், தெரியும்தானே? பிறகு உட்கார்ந்து எழுத்தாக்கி, டிரான்ஸ்கிரிப்டாகச் சேமித்து வைப்பேன். போன வாரம் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, எங்கள் தாத்தா வெள்ளி ரதத்துக்குத் தேங்காய் உடைத்த கதையைச் சொன்னாரே, அது கிடைக்குமா?" தேடினேன். ஒரு மாலைப் பொழுதே போய்விட்டது. தாத்தா இப்போது இல்லை. அந்தக் குரலின் எழுத்து என்னிடம்தான் இருக்கிறது, எனக்கே எடுக்கத் தெரியவில்லை என்றால் மனது கேட்குமா?

குழப்பம் தேதியில்தான் இருந்தது. நாம் பேசுகிற மாதிரியே நாள், மாதம், ஆண்டு என்று பெயர் வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் இடமிருந்து வலமாகத்தான் அடுக்கும். அதனால் நான்கு ஆண்டுத் தைப்பூசம் இப்படி நின்றது:

```
05-02-2023
11-02-2025
18-01-2022
25-01-2024
```

ஆண்டை முன்னால் போட்டால் தானாக வரிசைக்கு வந்துவிடும். இப்போது என் பெயர்கள் இப்படி:

```
2024/
  2024-01-24_ரதம்_தேங்காய்_01.txt
  2024-01-25_தைப்பூசம்_காவடி_01.txt
```

வெளியே ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். தலைப்புக்குத் தனி ஃபோல்டர் போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. ஒரே பாட்டி காவடியும் பேசுவார், தோட்ட வாழ்க்கையும் பேசுவார், எதில் போடுவது? தலைப்பைப் பெயரிலேயே இரண்டு சொல்லாக வைத்துவிட்டால் அந்தச் சண்டை இல்லை. தேதி, அவர் பேசிய நாள். ஃபைலைத் திருத்தினால் கம்ப்யூட்டர் காட்டும் தேதி மாறிவிடும், அதை நம்பாதீர்கள். ரதம் பூசத்துக்கு முந்தைய நாளே புறப்படுகிறது, அதனால்தான் மேலே 24.

அடுத்தது சொல். ஒரு நாள் தேர் என்றும், இன்னொரு நாள் ரதம் என்றும், வேறொரு நாள் ஆங்கில எழுத்தில் ratham என்றும் எழுதியிருந்தேன். மூன்றும் மூன்று வேறு சொற்களாகத்தான் தேடலில் நிற்கும். இப்போது ஒரு சிறிய சொல் பட்டியல் வைத்திருக்கிறேன். புதுப் பெயர் வைக்கும் முன் அதைப் பார்த்துவிட்டு, அதிலுள்ள சொல்லையே போடுவேன்.

டிரான்ஸ்கிரிப்டுக்குள்ளே தேடும்போது தமிழ் இன்னொரு வேலை செய்யும். 'ரதம்' என்று தேடினால் 'ரதத்தில்' அகப்படாது, ஏனென்றால் ம் போய் த்து வந்துவிடுகிறது. ஆகவே 'ரத' என்று மட்டும் அடியுங்கள். 'தைப்பூச' என்றால் தைப்பூசம், தைப்பூசத்தன்று, இரண்டும் வரும். 'விரதம்' மாதிரிச் சில வேண்டாததும் சேர்ந்து வரும், பரவாயில்லை, கண்ணால் தள்ளிவிடலாம். அந்தத் தாத்தாவின் பேச்சு கடைசியில் 'ரத' என்று தேடியபோதுதான் கிடைத்தது.

அப்புறம் ஒன்று: பழைய பதிவுகளில் நாள் தெரியாதவை இருக்குமே, அவற்றுக்கு ஊகித்துத் தேதி போடாதீர்கள். நான் 2019-00-00 என்று போடுகிறேன். அந்த ஆண்டின் தலையில் போய் நிற்கும், நாளைக்கு யாராவது சரியான நாளைச் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.