அம்மாவின் சிகிச்சைக்காக ஒரு செமஸ்டர் விடுப்பு: விண்ணப்பத்தில் எதை எழுத வேண்டும்?

கேள்வி: "ஐயா, நான் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பி.இ. படிக்கிறேன். ஐந்தாவது செமஸ்டர் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா இல்லை, தங்கை பள்ளியில் படிக்கிறாள். ஒரு செமஸ்டர் மட்டும் விடுப்பு எடுத்துவிட்டு ஜனவரியில் திரும்பிவிடலாமா?"

தம்பி, ஜனவரியில் திரும்ப இயலாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஜனவரியில் நடப்பது ஆறாவது செமஸ்டர். நீங்கள் விட்ட ஐந்தாவது செமஸ்டர் மறுபடியும் அடுத்த ஆண்டு ஜூலை வாக்கில்தான் வரும். ஆகவே ஒரு செமஸ்டர் விடுப்பு என்று நாம் சொல்வது நடைமுறையில் ஓராண்டு விடுப்பு. பல்கலைக்கழக விதியில் இதற்குப் பெயர் 'பிரேக் ஆஃப் ஸ்டடி'. படிப்புக் காலம் முழுவதிலும் ஒரே ஒரு முறை, தொடர்ச்சியாக அதிகபட்சம் ஓராண்டு என்பதே அதன் வரையறை. அசாதாரணச் சூழலில் மட்டும் கட்டணம் செலுத்தி இன்னோர் ஆண்டு கேட்கலாம். உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால், அதன் சொந்த விதிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும்.

விண்ணப்பிக்காமல் வகுப்புக்குப் போவதை மட்டும் நிறுத்திவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், 75 விழுக்காடு வருகைக்கு 68 நாள் வேண்டும், அதாவது 22 நாளுக்கு மேல் விட முடியாது. வருகை 65 விழுக்காடு வரை குறைந்தாலும் தேர்வெழுத அனுமதிக்கும் 'கண்டோனேஷன்' சலுகை, மாணவரின் சொந்த உடல்நலக் குறைவு போன்ற காரணங்களுக்கானது. தாயாரின் நோய் அதில் அடங்காது. வருகை குறைந்து நிறுத்தி வைக்கப்பட்டால் அந்தக் காலம் அனுமதி பெற்ற விடுப்பாகக் கணக்கில் வராது. அனுமதி பெற்ற விடுப்போ, முதல் வகுப்பு போன்ற தரநிலைக்கான காலக்கெடுவில் விலக்கு பெறுகிறது. மொத்தப் படிப்பையும் முடிப்பதற்கான ஏழாண்டு உச்சவரம்பு மட்டும் இரண்டு நிலையிலும் மாறாது.

விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகத்தின் மாணவர் விவகார இயக்குநருக்கு, கல்லூரி முதல்வர் வழியாக அனுப்ப வேண்டும். அந்த செமஸ்டர் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாளைத் தாண்டக் கூடாது என்பது விதி; ஆனால் கல்லூரி அலுவலகத்தில் கோப்பு நகரவும் நாள் பிடிக்கும் என்பதால் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

காரணத்தோடு, உத்தேசமாகத் திரும்பும் நாளையும் எழுதும்படி விதியே கேட்கிறது. 'அம்மா குணமானதும் வருவேன்' என்று எழுதினால் அது திட்டமாகாது. மருத்துவரிடம் நோயின் பெயரை மட்டும் எழுதிய சான்றிதழ் வாங்காமல், சிகிச்சை அட்டவணையோடு வாங்குங்கள். எடுத்துக்காட்டாக, 21 நாளுக்கு ஒரு முறை வீதம் ஆறு சுற்று கீமோ என்றால் ஏறத்தாழ நான்கு மாதம். அதன்பின் அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் இருந்தால் மார்ச், ஏப்ரல் வரை போகலாம். அப்போது இப்படி எழுதலாம்: "என் தாயாரின் சிகிச்சை அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை நீடிக்கும் என்று மருத்துவர் தெரிவித்துள்ளார். உடனிருந்து கவனிக்க வீட்டில் என்னைத் தவிர வேறு பெரியவர் இல்லை. அடுத்த ஆண்டு ஜூலையில் தொடங்கும் ஐந்தாவது செமஸ்டரில் மீண்டும் சேர்வேன்." உறவுக்குச் சான்றாக ரேஷன் கார்டு நகலை இணையுங்கள். அம்மாவின் கையெழுத்தும் இருக்கட்டும்.

திரும்பும்போது ஒரு வேலை காத்திருக்கும். மீண்டும் சேரும் சமயத்தில் எந்தப் பாடத்திட்டம் நடப்பில் உள்ளதோ அதுவே உங்களுக்குப் பொருந்தும். இடையில் விதிமுறை மாறியிருந்தால், புதியதில் இருந்து நீங்கள் படிக்காத பாடங்களை ஈடுகட்ட வேண்டியிருக்கும். அதற்கு செமஸ்டர் தொடக்கத்திலேயே முதல்வர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே மே மாதமே துறைத்தலைவரைப் பார்த்து, இதைக் கேட்டுவிடுங்கள்.

கல்விக்கடன் இருந்தால் அனுமதிக் கடிதத்தின் நகலோடு வங்கிக்குப் போங்கள். வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கடன் திட்டத்தில், படிப்பு முடிய நேரமானால் இரண்டாண்டு வரை நீட்டிப்பு தர இடமுண்டு. தெரிவிக்காவிட்டால் பழைய தேதியை வைத்தே தவணை கேட்பார்கள்.

கடைசியாக ஒன்று. எனக்குத் தெரிந்த ஒரு மாணவர், அலுவலகத்தில் யாரோ சொன்னதைக் கேட்டு, விடுப்புக்குப் போகும்போது டி.சி.யையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அது படிப்பையே விட்டு விலகியதாகப் பதிவாகி, திரும்பி வந்தபோது அவருக்கு இடமில்லை. நீங்கள் டி.சி. கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள். அனுமதி ஆணை எழுத்தில் கைக்கு வரும் வரை, முடிந்த நாட்களில் வகுப்புக்கும் போய்க்கொண்டிருங்கள்.