செவ்வகத்தின் மேல் எழும் கன அளவு: ஒரு துண்டு வெட்டிப் பார்ப்போம்

[திரையில்: தரையில் ஒரு செவ்வகம், மேலே வளைந்த கூரை]

தரையில் ஒரு செவ்வகம் இருக்கிறது. x 0 முதல் 3 வரை, y 0 முதல் 2 வரை. அதன் மேல் ஒரு கூரை. ஒவ்வொரு புள்ளியிலும் கூரையின் உயரம் இதுதான்:

z = 12 − x² − y

கூரைக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது? கூரை தட்டையாக இருந்தால் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி முடித்துவிடலாம். இங்கே உயரம் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரு மூலையில் 12, எதிர் மூலையில் 1.

அதனால் ரொட்டியை வெட்டுவது போல வெட்டுவோம். கத்தியை x = 1 என்ற இடத்தில் வைத்து, y திசையில் நேராக இறக்குங்கள்.

[திரையில்: வெட்டுமுகம் மட்டும்]

வெட்டிய முகத்தைப் பாருங்கள். x-க்கு 1 போட்டால் உயரம் 11 − y. ஒரு முனையில் 11, மறுமுனையில் 9, அகலம் 2. பள்ளியில் படித்த சரிவகம்தான் இது! சராசரி உயரம் 10, பரப்பளவு 20.

கத்தியை வேறு இடத்தில் வைத்தால் பரப்பளவும் மாறும். எல்லா இடத்துக்கும் சேர்த்து ஒரே கணக்காகப் போட, x-ஐ அசையாமல் பிடித்துக்கொண்டு y-ஐ மட்டும் தொகையிடுகிறோம்:

A(x) = ∫₀² (12 − x² − y) dy = 24 − 2x² − 2 = 22 − 2x²

x = 1 போட்டுப் பாருங்கள், அதே 20 வருகிறது. பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான். x²-ஐக் கண்டதும் கை தானாக x³/3 என்று எழுதிவிடும். இப்போது ஓடுவது y மட்டுமே; x² வெறும் ஓர் எண். 5-ஐத் தொகையிட்டால் 5y வருவது போல, x²-க்கு x²y வரும். இந்தப் படி முடிந்ததும் விடையில் y மிச்சம் இருந்தால் எங்கோ பிழை இருக்கிறது.

ஒவ்வொரு துண்டுக்கும் மெல்லிய தடிமன் dx. அதன் கன அளவு A(x) dx. எல்லாத் துண்டுகளையும் கூட்டினால்:

V = ∫₀³ (22 − 2x²) dx = 66 − 18 = 48

நம்பலாமா? அடிப்பரப்பு 6, கன அளவு 48. அப்படியானால் சராசரி உயரம் 8. அது 1-க்கும் 12-க்கும் நடுவில் இருப்பதால் பொருந்துகிறது.

கத்தியைத் திருப்பி x திசையில் வெட்டினால்? ஒவ்வொரு துண்டின் பரப்பளவும் 27 − 3y. அதை 0 முதல் 2 வரை தொகையிட்டால் 54 − 6, மறுபடியும் 48. செவ்வகத்தின் மேல் கூரை எங்கும் அறுபடாமல் தொடர்ச்சியாக இருந்தால் எந்த வரிசையில் வெட்டினாலும் விடை மாறாது. இன்னும் பரந்த சார்புகளுக்கு இதை 1907-இல் நிறுவியவர் இத்தாலியக் கணிதவியலாளர் குய்தோ ஃபூபினி.

ஆனால் வரிசையை மாற்றும்போது எல்லைகளும் கூடவே போக வேண்டும். dy, dx இரண்டையும் இடம் மாற்றிவிட்டு எல்லைகளை அப்படியே விட்டால் 55 வரும். அது x பக்கம் 2, y பக்கம் 3 உள்ள வேறொரு செவ்வகத்தின் மேல் இருக்கும் இடம். தொடக்கத்தில் எல்லைகளை x = 0, x = 3, y = 0, y = 2 என்று பெயரோடு எழுதிவையுங்கள்; எந்த எண் யாருடையது என்பது கண்ணிலேயே நிற்கும்.