ஆணை மட்டும் போதாது, குறிப்புத் தாளும் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஊழியர் சங்கத்தில் பல ஆண்டுகளாக மேல்முறையீட்டு மனுக்கள் எழுதிக் கொடுத்து வருகிறேன். இன்று ஒரே ஒரு விண்ணப்பத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தண்டனை ஆணை கைக்கு வந்ததும், மேல்முறையீடு எழுத உட்காருவதற்கு முன்னால் அனுப்ப வேண்டிய விண்ணப்பம் அது. மத்திய அரசு ஊழியரை மனதில் வைத்துச் சொல்கிறேன். மாநில அரசு ஊழியருக்கு விதிப் புத்தகம் வேறு. காலக்கெடுவை அதில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆணையோடு, அது பிறந்த கோப்பின் குறிப்புத் தாள்களையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்பதுதான் அந்த விண்ணப்பத்தின் சாரம்.

ஆணையில் என்ன இருக்கும்? "ஊழியரின் விளக்கத்தைக் கவனமாகப் பரிசீலித்தேன், ஏற்கத்தக்கதாக இல்லை" என்று ஒரு வரி இருக்கும். பரிசீலித்தார்களா, எப்போது, யார் என்பதெல்லாம் அந்த ஆணையில் இருக்காது. அது கோப்பின் குறிப்புத் தாளில் இருக்கும். நோட் ஷீட் என்று நாம் சொல்வது அதைத்தான். எழுத்தர் என்ன எழுதி வைத்தார், மேலதிகாரி எங்கே கையெழுத்திட்டார், எந்தத் தேதியில் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும்.

ஒரு நண்பரின் வழக்கைச் சொல்கிறேன். இதை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன், அந்த அளவுக்கு இது எனக்குப் பாடம். அலுவலகப் பெயர் வேண்டாம். அவருக்கு மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965-ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 16-ஆம் விதியின் கீழ் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. இது சிறு தண்டனைக்கான விதி. பத்து நாளில் விளக்கம் தரச் சொன்னார்கள். அவர் கடைசி நாளான 16-ஆம் தேதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து இரண்டு ஆண்டுகளுக்கு ஊதிய உயர்வு நிறுத்தம் என்று ஆணை வந்தது. அதிலும் "விளக்கத்தைக் கவனமாகப் பரிசீலித்தேன்" என்ற அந்த வரிதான்.

மனிதர் மனமுடைந்துபோனார். "அண்ணே, நான் எழுதினதைப் படிச்சிருந்தா இப்படிப் போட்டிருக்க மாட்டாங்க" என்றார். "அது நமக்குத் தோணுது தம்பி, தாள்ல இருக்கான்னு பார்ப்போம்" என்றேன். ஆணையையும் குறிப்புத் தாள்களையும் அவருடைய விளக்கக் கடிதத்தின் அலுவலகப் பிரதியையும் கேட்டு விண்ணப்பித்தோம். நகல்கள் வந்தன. விளக்கக் கடிதத்தின் மேல் மூலையில் பெறப்பட்ட முத்திரை, 16-ஆம் தேதி. குறிப்புத் தாளில் "வரைவு ஆணை ஒப்புதலுக்கு வைக்கப்படுகிறது" என்ற பத்தி, அதன் கீழே அதிகாரியின் சுருக்கொப்பம், 14-ஆம் தேதி. விளக்கம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே தண்டனை முடிவாகிவிட்டது! மேல்முறையீட்டில் வேறு எதையும் நாங்கள் பெரிதாக எழுதவில்லை. இரண்டு தாள்களையும் இணைத்து, இரண்டு தேதிகளையும் சுட்டிக்காட்டினோம். தண்டனை ரத்தானது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒரு தாள் மட்டும் கிடைத்திருந்தால் பயனில்லை. முத்திரையுள்ள கடிதமும் வேண்டும், குறிப்புத் தாளும் வேண்டும். தேதி தேதியோடு மோதினால்தான் உண்மை தெரியும்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், மெதுவாக வாசிக்கிறேன்.

"பெறுநர்: மையப் பொதுத் தகவல் அலுவலர்", அப்புறம் உங்கள் அலுவலக முகவரி. "பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் விண்ணப்பம். என் மீதான தண்டனை ஆணை எண் இன்னது, நாள் இன்னது. அந்த ஆணை பிறந்த கோப்பிலிருந்து கீழ்க்கண்டவற்றின் சான்றொப்பமிட்ட நகல்களைக் கோருகிறேன். முதலாவது, கையொப்பமிட்ட ஆணையின் அலுவலகப் பிரதி. இரண்டாவது, குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்க முன்மொழிந்த நாள் முதல் தண்டனை ஆணை அனுப்பப்பட்ட நாள் வரையிலான குறிப்புத் தாள்கள் அனைத்தும், பக்க எண் விடுபடாமல். மூன்றாவது, இன்ன தேதியில் நான் அளித்த விளக்கக் கடிதம், பெறப்பட்ட முத்திரையும் பதிவு எண்ணும் தெரியும்படி, இரு பக்கமும். நான்காவது, ஒப்புதலுக்கு வைக்கப்பட்ட வரைவு ஆணை, திருத்தங்களுடன். ஏதேனும் பகுதியைத் தர இயலாதெனில், பிரிவு 10-இன்படி மீதியைத் தரும்படி வேண்டுகிறேன். 10 ரூபாய்க்கான போஸ்டல் ஆர்டர் இணைத்துள்ளேன். நகல் கட்டணம் செலுத்தத் தயார்." கையொப்பம், முகவரி, தேதி. அவ்வளவுதான். கோப்பு முழுவதும் கணினியில் நடக்கிற அலுவலகமானால் குறிப்புத் தாள்கள் என்ற இடத்தில் "பச்சைக் குறிப்புகளும் கோப்பு நகர்ந்த விவரமும்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

"ஏன் தண்டித்தீர்கள்?" என்று விண்ணப்பத்தில் கேட்காதீர்கள். விளக்கம் சொல்வதும் புதிதாகத் தகவல் உருவாக்குவதும் தகவல் அலுவலரின் வேலை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லியிருக்கிறது. தாளைக் கேளுங்கள், காரணத்தைக் கேட்காதீர்கள். அதேபோல, எதற்காகக் கேட்கிறேன் என்றும் எழுத வேண்டியதில்லை. பிரிவு 6(2) அதைத் தெளிவாகச் சொல்கிறது. மேல்முறையீடு என்று எழுதினால் சிலர் அதையே மறுக்க ஒரு சாக்காக எடுத்துக்கொள்கிறார்கள்.

சான்றொப்பம் என்று ஏன் வற்புறுத்துகிறேன்? வெறும் ஜெராக்ஸை "இது எங்கள் கோப்பில் இல்லை" என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு பக்கத்திலும் "தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட உண்மை நகல்" என்ற வாசகமும் தகவல் அலுவலரின் பெயர், கையொப்பம், தேதி, முத்திரையும் இருக்கிறதா பாருங்கள். பக்க எண்ணையும் எண்ணிப் பாருங்கள். ஏழாவது பக்கத்துக்குப் பிறகு ஒன்பதாவது பக்கம் வந்திருந்தால், அந்த எட்டாவது பக்கத்தைக் குறிப்பிட்டு உடனே கடிதம் எழுதுங்கள். நேரில் போய்க் கோப்பைப் பார்வையிடவும் சட்டம் இடம் தருகிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

அடுத்தது நாள் கணக்கு. மேல்முறையீட்டுக்கு ஆணை கிடைத்த நாளிலிருந்து 45 நாள். தகவல் அலுவலருக்கு 30 நாள். ஜூன் 3 அன்று ஆணை கிடைத்தது என்று வையுங்கள். உங்கள் கெடு ஜூலை 18. ஜூன் 8-க்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் ஜூலை 8-க்குள் நகல் வர வேண்டும், எழுதப் பத்து நாள் கிடைக்கும். ஜூன் 25 வரை யோசித்துக்கொண்டிருந்தால் கெடு போய்விடும். இன்னொன்று, பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால் அன்றே கட்டுங்கள். அந்தக் கடிதம் புறப்பட்ட நாளிலிருந்து நீங்கள் கட்டும் நாள் வரை அந்த 30 நாளில் சேராது.

நேரம் ஆகிவிட்டது என்று காட்டுகிறார்கள். மறுத்தால் என்ன செய்வது என்று விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 30 நாளில் பதில் வராவிட்டாலும் மறுத்தாலும் அதே அலுவலகத்தின் முதல் மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாளுக்குள் எழுதுங்கள், அப்புறம் 90 நாளுக்குள் மத்திய தகவல் ஆணையம். ஆனால் அதற்காகத் தண்டனைக்கு எதிரான மேல்முறையீட்டைத் தள்ளிப்போடாதீர்கள். 45 நாளுக்குள் அதைக் கொடுத்துவிட்டு, "கோரிய நகல்கள் இன்னும் கிடைக்கவில்லை, கிடைத்ததும் கூடுதல் காரணங்கள் சமர்ப்பிப்பேன்" என்று கடைசிப் பத்தியில் எழுதி, விண்ணப்பம் அனுப்பிய அஞ்சல் ரசீதின் நகலையும் இணைத்துவிடுங்கள். வணக்கம்.