ஷூ கடிக்கிறதா? அடுத்த சைஸுக்குத் தாவாதீர்கள்!

மூன்று ஜோடி டக்கீஸ், ஒரே வலி! டர்பன் கடற்கரையில் காலையில் நடக்க எங்கள் மாமா 8 வாங்கினார், சுண்டுவிரல் கடித்தது. எட்டரை வாங்கினார், அதுவும் கடித்தது. 9-க்குப் போனார், இப்போது சுண்டுவிரல் வலியோடு குதிகாலும் கழன்று கழன்று கொப்புளம் வேறு.

(நாக்கு லேபிளைக் கேமரா அருகே பிடிக்கிறேன்)

இங்கே தென்னாப்பிரிக்காவில் நாம் சொல்லும் நம்பர் பெரும்பாலும் யூகே சைஸ்தான். அதன் அளவுகோல் என்ன தெரியுமா? ஒரு வாற்கோதுமை மணி! ஒரு மணி என்றால் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். அரை சைஸ் ஏறினால் அரை மணி நீளம், 4 மில்லிமீட்டரும் சொச்சமும். நூற்றாண்டுகள் கடந்தும் நம் கால் இன்னும் தானியக் கணக்கில்தான் ஓடுகிறது, எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

சரி, மாமாவிடம் வருவோம். மரபான கணக்கில், அரை சைஸ் கூட்டினால் விரல் மூட்டைச் சுற்றிய சுற்றளவு 3 மில்லிமீட்டர்தான் கூடும். மாமா 8-லிருந்து 9-க்குப் போய்ச் சம்பாதித்தது வெறும் 6. அதே எட்டில் அகல எழுத்து ‘டி’ என்பதிலிருந்து ‘2இ’க்குப் போயிருந்தால் சுமார் 12 கிடைத்திருக்கும், நீளம் துளியும் கூடாமல். பிராண்டுக்கு பிராண்டு இது கொஞ்சம் மாறும்.

எழுத்தில் ஒரு குசும்பு இருக்கிறது. அமெரிக்க லேபிளில் ‘டி’ ஆண்களுக்குச் சாதாரணம், பெண்களுக்கு அகலம். சில யூகே பிராண்டுகளில் ஆண்களுக்கு ‘ஜி’ சாதாரணம், பெண்களுக்கு ‘டி’. எழுத்தே இல்லையென்றால் பெரும்பாலும் சாதாரண அகலம்தான்.

அகலம்தான் பிரச்சினை என்று எப்படித் தெரியும்? இன்சோலை உருவித் தரையில் போட்டு, குதிகாலைப் பின்விளிம்பில் ஒட்டி எழுந்து நில்லுங்கள். மாமா எட்டாம் நம்பர் இன்சோலில் நின்றபோது முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருந்தது, ஆனால் சுண்டுவிரல் பக்கம் சதை வெளியே வழிந்தது. நீளம் சரி, அகலம் போதாது, அவ்வளவுதான். முன்னால் இடமே இல்லையென்றால் அரை சைஸ் கூட்டுங்கள். மாலையில் பாருங்கள், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் “கடிக்கவில்லையே” என்பதை நம்பாமல் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

குதிகால் கழன்றது ஏன் என்றால், நீளமான ஷூ வளையும் இடம் மாமாவின் விரல் மூட்டுக்கு முன்னால் தள்ளிப்போய்விட்டது. கால் ஓரிடத்தில் மடங்க, ஷூ இன்னோரிடத்தில் மடங்கியது.

‘2இ’ போட்டதும் லேஸையும் பாருங்கள். இழுத்துக் கட்டும்போது இரண்டு பக்கத் துளைகளும் ஒட்டிக்கொண்டால் அகலம் அதிகம். மாமாவுக்கு நடுவில் இரண்டு விரல் இடைவெளி நின்றது, மனிதர் ஒரு வாரமாகப் புலம்பவில்லை.

அந்த ஒன்பதாம் நம்பர் ஜோடி சும்மா கிடக்கிறது. ஒல்லியான, நீளமான கால்காரர் யாராவது இருந்தால் கமெண்டில் கையைத் தூக்குங்கள்.