திரையில் இருந்த அம்புக்குறி படத்தில் எங்கே போனது?

வணக்கம் நேயர்களே.

விண்டோஸ் கணினியில் பிரிண்ட் ஸ்கிரீன் விசையை அழுத்தித் திரையைப் படம் எடுக்கிறோம். அதைப் பெயின்ட்டிலோ வேர்டிலோ ஒட்டிப் பார்த்தால் மற்ற எல்லாம் அப்படியே இருக்கும், மவுஸ் பாயிண்டர் மட்டும் இருக்காது. அழுத்தும் நேரத்தில் அது கண்ணெதிரே திரையில்தான் இருந்தது. அதே திரையைக் கைபேசியால் படம் எடுத்தால் பாயிண்டரும் விழுகிறது. இந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம், பாயிண்டர் கட்டாயம் வேண்டும் என்கிற இடத்தில் அதை எப்படிப் படத்துக்குள் கொண்டுவருவது என்பதுதான் இன்றைய பேச்சு.

நாம் பார்க்கும் திரை இரண்டு அடுக்குகளாக வருகிறது. ஜன்னல்கள், எழுத்துகள், பின்னணிப் படம் எல்லாவற்றையும் விண்டோஸ் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்குகிறது. பாயிண்டர் அந்தப் படத்தில் கலப்பதில்லை. அது ஒரு சின்னஞ்சிறு தனிப் படமாக கிராபிக்ஸ் கார்டிடம் இருக்கிறது. திரைக்கு அனுப்பும் கடைசி நொடியில்தான் கார்டு அதை மேலே வைத்துக் காட்டுகிறது. மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தும்போதெல்லாம் முழுத் திரையையும் மறுபடி வரைந்துகொண்டிருந்தால் வேலை வீண், அசைவும் திக்கித் திக்கி வரும். அதற்காகச் செய்த ஏற்பாடு இது. பிரிண்ட் ஸ்கிரீன் விசை கீழ் அடுக்கைத்தான் நகலெடுக்கிறது. மேலே வைத்த பாயிண்டர் அந்த நகலில் வராது.

அப்படியானால் சில மென்பொருள்கள் எடுக்கும் படத்தில் மட்டும் பாயிண்டர் எப்படி வருகிறது? அவையும் முதலில் கீழ் அடுக்கைத்தான் நகலெடுக்கின்றன. பிறகு விண்டோஸிடம் மூன்று செய்திகளைக் கேட்கின்றன: பாயிண்டர் இப்போது தெரிகிறதா, என்ன வடிவத்தில் இருக்கிறது, எந்த இடத்தில் நிற்கிறது. பதில் வந்ததும் அதே வடிவத்தை அதே இடத்தில் நகலின் மேல் தாங்களே வரைகின்றன. ஆகவே ஸ்கிரீன்ஷாட்டில் நீங்கள் பார்க்கும் பாயிண்டர் பிறகு வரைந்து சேர்த்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கோளாறுகள் பலவற்றுக்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது.

பெரும்பாலான படங்களுக்குப் பாயிண்டர் தேவையே இல்லை. வங்கிக் கணக்கின் தொகை, பிழைச் செய்தி, விண்ணப்ப எண் போன்றவற்றைப் படமெடுக்கும்போது ஓர் எண்ணின் மேல் அம்பு நின்றால் அது தொல்லைதான். ஆனால் பாயிண்டரின் வடிவமே செய்தியாக இருக்கும் இடங்கள் உண்டு. அப்படி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

எக்செல் புதிதாகக் கற்பவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு தயாரிக்கிறீர்கள். A2 கட்டத்தில் 1, A3 கட்டத்தில் 2 என்று எழுதி, இரண்டையும் தேர்ந்தெடுத்து, கீழே இழுத்தால் 3, 4, 5 என்று வரிசை எண்கள் தாமாக நிரம்பும். இதில் கற்பவர் தடுமாறும் இடம் ஒன்றுதான். தேர்ந்தெடுத்த கட்டங்களின் நடுவில் பாயிண்டர் தடித்த வெள்ளைக் கூட்டல் குறியாக இருக்கும். அப்போது இழுத்தால் தேர்வு மாறிவிடும். ஓரக்கோட்டின் மேல் நான்கு பக்கமும் அம்புள்ள குறியாக மாறும். அப்போது இழுத்தால் எண்கள் இடம்பெயரும். வலது கீழ் மூலையில் இருக்கும் சிறு சதுரத்தின் மேல் மெல்லிய கறுப்புக் கூட்டல் குறியாகும். அப்போது இழுத்தால்தான் நிரம்பும். இந்த மூன்று நிலைகளையும் பிரிண்ட் ஸ்கிரீனில் எடுத்துப் பாருங்கள். மூன்றும் ஒரே படம்! சொல்லித்தர வேண்டிய விஷயம் எதுவோ அது மட்டும் விடுபட்டிருக்கும்.

இதற்கு க்ரீன்ஷாட் என்ற இலவச மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். நிறுவியதும் திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், அதன் சின்னம் வரும். அதை வலது சொடுக்கி Preferences திறந்து, Capture என்ற பகுதிக்குப் போனால் Capture mousepointer என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் டிக் இருக்க வேண்டும். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அங்கே பிரிண்ட் ஸ்கிரீன் விசையை விண்டோஸின் சொந்த ஸ்னிப்பிங் டூலே பிடித்துக்கொள்ளும். Settings, Accessibility, Keyboard என்று வரிசையாகப் போய், பிரிண்ட் ஸ்கிரீன் விசை பற்றிய சுவிட்சை அணைத்தால்தான் அந்த விசை க்ரீன்ஷாட்டுக்குக் கிடைக்கும். விசையை அழுத்தியும் ஸ்னிப்பிங் டூலே திறக்கிறது என்றால் இந்தச் சுவிட்சைப் போய்ப் பாருங்கள்.

இப்போது எக்செலில் A2, A3 இரண்டையும் தேர்ந்தெடுங்கள். பாயிண்டரை A3-யின் வலது கீழ் மூலைக்குக் கொண்டுபோய், மெல்லிய கறுப்புக் குறி வந்ததும் கையை அசைக்காமல் பிரிண்ட் ஸ்கிரீன் விசையை மட்டும் அழுத்துங்கள். விசையை மட்டும் என்று வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. முழுத் திரையை எடுக்க க்ரீன்ஷாட்டில் கன்ட்ரோலும் பிரிண்ட் ஸ்கிரீனும் சேர்ந்த விசைக்கூட்டு உண்டு. இந்த இடத்தில் அது உதவாது. எக்செலில் அந்த மூலையில் நின்று கன்ட்ரோலை அழுத்தினால் பாயிண்டரின் பக்கத்தில் இன்னொரு சின்னக் கூட்டல் குறி முளைக்கும், ஏனென்றால் கன்ட்ரோலோடு இழுப்பது வேறு செயல். ஷிஃப்டை அழுத்தினாலும் குறி மாறிவிடும். படம் பிடிக்க அழுத்தும் விசையே படத்தைப் பொய்யாக்கும் இந்தச் சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. தவறான குறியோடு குறிப்பு அச்சாகி, கற்பவர் கையில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பிரிண்ட் ஸ்கிரீனைத் தனியே அழுத்தியதும் திரை உறைந்து நிற்கும். எந்தப் பகுதி வேண்டும் என்று செவ்வகம் வரையச் சொல்லும். இப்போது மவுஸை நகர்த்தினால் பாயிண்டர் இடம் மாறிவிடுமே என்று கவலைப்பட வேண்டாம். விசையை அழுத்திய கணத்திலேயே பாயிண்டரின் இடத்தையும் வடிவத்தையும் க்ரீன்ஷாட் குறித்துக்கொண்டுவிட்டது. செவ்வகத்தைச் சின்னதாக வரையுங்கள். நான்கைந்து பத்திகளும் பத்து வரிசைகளும் போதும்.

சின்னதாக வரையச் சொல்வதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1920 புள்ளி அகலமுள்ள முழுத் திரையை ஏ4 தாளில் 16 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டால், திரையில் 12 புள்ளி அகலமுள்ள குறி தாளில் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வரும். கண்ணுக்கே தெரியாது. 480 புள்ளி அகலத்துக்கு வெட்டி அதே 16 சென்டிமீட்டரில் வைத்தால் அந்தக் குறி 4 மில்லிமீட்டர் ஆகிறது. பாயிண்டரைப் படத்தில் சேர்த்த பிறகும் படம் பயன்படவில்லை என்றால், பெரும்பாலும் வெட்டாமல் விட்டதுதான் காரணம்.

வெட்டியதும் வரும் பட்டியலில் Open in image editor என்பதைத் தேர்ந்தெடுத்து, திறக்கும் க்ரீன்ஷாட் எடிட்டரில் பாயிண்டரைச் சொடுக்கிப் பாருங்கள். அது தனிப் பொருளாக நிற்கும். நகர்த்தலாம், வேண்டாமென்றால் அழிக்கலாம். பிறகு வரைந்து சேர்த்தது என்று முன்பு சொன்னேனே, அதன் நேரடிப் பலன் இது. ஆனால் நகர்த்தும்போது நேர்மை வேண்டும். குறியின் மையம் அந்தச் சிறு சதுரத்தின் மேல்தான் இருக்க வேண்டும். சாதாரண அம்பாக இருந்தால் அதன் கூர்முனைதான் சொடுக்கும் புள்ளி. அம்பின் நடுப்பகுதியைப் பொத்தானின் மேல் வைத்துவிட்டு, கூர்முனை வெளியே நீண்டிருந்தால், படம் தவறான இடத்தைச் சொடுக்கச் சொல்கிறது என்று பொருள். பிஎன்ஜி கோப்பாகச் சேமித்த பின் பாயிண்டரைப் பிரிக்க முடியாது. பிறகு திருத்த வேண்டி வரலாம் என்றால் க்ரீன்ஷாட்டின் சொந்தக் கோப்பு வடிவிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லை என்பவர்களுக்கு விண்டோஸ் 11-லேயே ஒரு சுற்றுவழி இருக்கிறது. ஸ்னிப்பிங் டூலில் கேமரா படத்துக்குப் பக்கத்தில் வீடியோ கேமரா படம் ஒன்று இருக்கும். அது திரையை வீடியோவாகப் பதியும். அந்தப் பதிவில் பாயிண்டர் விழும். தேவையான பகுதியைத் தேர்ந்தெடுத்துப் பதிவைத் தொடங்குங்கள். பாயிண்டரை மூலைக்குக் கொண்டுபோய் இரண்டு மூன்று நொடி அசையாமல் வைத்திருந்து, பதிவை நிறுத்துங்கள். வீடியோவை ஓட்டி அந்த நொடியில் நிறுத்தி, அந்தத் திரையைச் சாதாரண ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்துக்கொள்ளலாம். பாயிண்டர் இப்போது வீடியோவின் பகுதி, கீழ் அடுக்கிலேயே இருக்கிறது, அதனால் தப்பிப்போகாது. குறை ஒன்று உண்டு: வீடியோவைச் சுருக்கிச் சேமிப்பதால் எழுத்துகளின் விளிம்பு சற்று மங்கும். இன்னொன்று, நிறுத்தி வைத்த வீடியோவின் அடியில் இயக்கும் பொத்தான்கள் வந்து மறைக்கும். அதனால் பதியும்போதே கீழே கொஞ்சம் உபரி இடம் விட்டுப் பதியுங்கள்.

கோளாறுகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். முதலாவது, படத்தில் பாயிண்டர் வந்திருக்கும், ஆனால் நின்ற இடத்திலிருந்து தள்ளி வந்திருக்கும். இரண்டு மானிட்டர்கள் வைத்து, ஒன்றில் 100 சதவீதம், மற்றதில் 150 சதவீதம் என்று உருப்பெருக்கம் மாறியிருந்தால் இப்படி நடக்கலாம். விண்டோஸ் ஓர் அளவில் இடத்தைச் சொல்ல, மென்பொருள் வேறோர் அளவில் வரைகிறது. Settings, System, Display பகுதியில் இரண்டுக்கும் ஒரே சதவீதம் வைத்து, படமெடுக்கும் மென்பொருளை மூடித் திறந்து, மறுபடி எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, எழுதும் பெட்டியின் மேல் வரும் ஐ வடிவப் பாயிண்டர். அதற்கென்று சொந்த நிறம் இல்லை. வெள்ளைப் பின்னணியில் கறுப்பாகவும் கறுப்பில் வெள்ளையாகவும், அடியில் இருக்கும் நிறத்தைத் திருப்பிக் காட்டும். இப்படித் திருப்பி வரையத் தெரியாத மென்பொருளில் அது காணாமல் போகும், அல்லது ஒரு கறுப்புக் கட்டமாக விழும். அம்பு சரியாக வந்து ஐ வடிவம் மட்டும் கெட்டுப்போனால் உங்கள் அமைப்பில் பிழை தேட வேண்டாம். அந்த ஒரு படத்துக்கு வீடியோ வழியைப் பயன்படுத்துங்கள்.

நன்றி, வணக்கம்.